பட்டப்பெயர்களை வைத்துப் பணி நிறைவு வாழ்த்துரை எழுதுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

மின் வாரியப் பிரிவு அலுவலகம் ஒன்றில் கணக்கீட்டாளராக இருக்கிறேன். மாதக் கடைசியில் யாராவது ஓய்வு பெறும்போது "நாலு வார்த்தை எழுதிக் கொடுப்பா" என்று பேப்பர் என் மேஜைக்கு வந்துவிடும். மே 31 என்றால் கேட்கவே வேண்டாம். பள்ளியில் சேர்ப்பதற்காக மே மாதம் பிறந்ததாகப் பதிந்த தலைமுறை அல்லவா, ஒரே நாளில் இரண்டு மூன்று விழாக்கூட நடக்கும்.

ஒருவரோடு பல வருஷம் வேலை பார்த்தவர்களிடம் அவரைப் பற்றிப் பட்டப்பெயரும் கேலியும் நிறைய இருக்கும். அதையே மேடையில் சொன்னால் போதும் என்று புதிதாகப் பேசுபவர்கள் நினைக்கிறார்கள். டீக்கடையில் விழுந்து விழுந்து சிரித்த ஜோக் மேடையில் ஏன் செத்துப்போகிறது என்பதுதான் இந்த வழிகாட்டியின் விஷயம். எங்கள் போர்மேன் ஒருவருக்காக எழுதிய உரையையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். பெயர் வேண்டாம், போர்மேன் என்றே இருக்கட்டும்.

1. எழுதும் முன் யார் யார் வருகிறார்கள் என்று கேளுங்கள்

பேனாவை எடுப்பதற்கு முன் விழா ஏற்பாடு செய்பவரிடம் மூன்று விஷயம் கேட்க வேண்டும். மேடையில் எந்த அதிகாரி உட்காருவார், குடும்பத்தில் யார் யார் வருவார்கள், உங்கள் முறை எத்தனையாவது?

குடும்பத்தைக் கேட்பதற்குக் காரணம் சம்பந்தி. ஓய்வு பெறும் வயதில் இருப்பவருக்குப் பெரும்பாலும் பெண்ணுக்கோ பையனுக்கோ கல்யாணம் முடிந்து ஓரிரு வருஷம்தான் ஆகியிருக்கும். மாப்பிள்ளை வீட்டார் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். அவரை அலுவலகத்து ஆளாக அவர்கள் பார்ப்பது அன்றைக்குத்தான். நீங்கள் விளையாட்டாகச் சொல்வது அந்த வீட்டில் நாளைக்குச் சொல்லிக்காட்டும் பேச்சாகலாம்.

அதிகாரியைக் கேட்பதற்கு வேறு காரணம். "அண்ணன் என்றைக்கு நேரத்துக்கு வந்தார்?" என்பது நமக்கு ஜோக். மேடையில் இருக்கும் செயற்பொறியாளருக்கு அது தகவல். ஓய்வூதியத் தாள்கள் நகர்ந்துகொண்டிருக்கும் நேரத்தில் தாமதம், ஸ்டோர் சாமான், வண்டி டீசல், பயணப்படி இந்த நான்கின் பக்கமே போகாதீர்கள்.

2. பெயர்களைத் தனித்தனியாகக் கேட்டுச் சேகரியுங்கள்

வாட்ஸ்அப் குழுவில் "அண்ணனைப் பற்றி ஜோக் சொல்லுங்கள்" என்று போட்டுவிட்டால் வேலை சுலபம் என்று தோன்றும். போடாதீர்கள். ஒருவர் சொன்னதைவிடப் பெரிதாகச் சொல்ல அடுத்தவர் முயல்வார், அரை மணி நேரத்தில் குழு நாறிவிடும். அந்தக் குழுவில் அவரே இருப்பார் என்பதும் பலருக்கு மறந்துவிடும்.

ஒவ்வொருவராக, வேலை நடுவில், டீ குடிக்கும்போது கேளுங்கள். மாறுதலில் போனவர்களுக்கும் முன்பே ஓய்வு பெற்றவர்களுக்கும் போன் போடுங்கள். பழைய பெயர்கள் அவர்களிடம்தான் இருக்கும்.

கேட்கும்போது பெயரோடு நிறுத்தாமல், அந்தப் பெயர் எப்போது, எந்த இடத்தில், யார் வாயிலிருந்து முதலில் வந்தது என்று கேளுங்கள். உள்ளே இருக்கிறவனுக்குப் பெயரே சிரிப்பு மூட்டும், வெளியே இருந்து வந்தவனுக்கு அது வெறும் சத்தம். சபையில் பாதிப் பேர் வெளியாட்கள். அவர்களைச் சிரிக்க வைக்கப்போவது அந்தப் பெயர் பிறந்த கதைதான். கதை கிடைக்காத பெயரை அங்கேயே விட்டுவிடலாம்.

போர்மேனுக்குக் கிடைத்தவை: அஞ்சு நிமிஷம், வாத்தியார், எல்.சி., கைமாத்து, சொட்டை, டிபன் கேரியர். அப்புறம் சாதியை ஒட்டி ஒன்று. அதை இங்கே எழுதவும் மாட்டேன்.

3. சலித்து எடுங்கள்

முதல் சல்லடை ஒரே ஒரு கேள்வி: அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவர் திரும்பிப் பார்ப்பாரா? முகத்துக்கு நேரே சொல்லி, அவரும் ஏற்றுக்கொண்டு பதில் பேசிய பெயர் ஒரு வகை. அவர் அந்தப் பக்கம் போனதும் சொன்ன பெயர் இன்னொரு வகை. இரண்டாவது வகையை மேடையில் சொன்னால், இத்தனை வருஷம் முதுகுக்குப் பின்னால் சிரித்திருக்கிறார்கள் என்று கடைசி நாளில் அவருக்குத் தெரியவரும். "சொட்டை" இதில் போய்விட்டது.

இரண்டாவது சல்லடை உடம்பு, சாதி, சாமி, குடி, கடன். இதில் விவாதமே வேண்டாம். "கைமாத்து" என்ற பெயருக்குப் பின்னால் நல்ல கதை இருந்தது. அவர் கடன் வாங்குகிறவர் அல்ல, மாதக் கடைசியில் எல்லோருக்கும் கொடுக்கிறவர். ஆனாலும் விட்டுவிட்டோம். பெயரைச் சொன்னதும் சம்பந்தி வீட்டார் மனதில் ஒரு கணக்கு ஓடும், அதைத் திருத்த அடுத்த ஐந்து வாக்கியம் செலவாகும். வாங்கியவர்கள் பட்டியலும் வெளியே வந்துவிடும் என்பது தனிக்கதை.

மூன்றாவது, அந்தப் பெயர் அவரைப் பற்றி ஏதாவது சொல்கிறதா? "டிபன் கேரியர்" யாரையும் புண்படுத்தாது. நாலு அடுக்குக் கேரியர் கொண்டுவருவார், அவ்வளவுதான். எந்த அலுவலகத்திலும் அப்படி ஒருவர் உண்டு. தீங்கில்லாத ஜோக் எல்லாம் நல்ல ஜோக் ஆகிவிடாது.

மிஞ்சியவை மூன்று. ஆறேழு நிமிட உரைக்கு மூன்று பெயர் போதும். நான்காவதைச் சேர்த்தால் ஒன்றுக்கும் கதை சொல்ல நேரம் இருக்காது, பட்டியல் வாசித்ததாக ஆகிவிடும்.

4. அவரிடம் பெயர்களைச் சொல்லுங்கள், ஜோக்கைச் சொல்லாதீர்கள்

பலர் இதைத் தவிர்க்கிறார்கள், ஆச்சரியம் போய்விடுமாம். விழாவுக்கு ஒரு வாரம் முன்னால், தனியாக இருக்கும்போது, "அண்ணே, இந்த மூணு பேரையும் மேடையில சொல்லப்போறேன், பரவாயில்லையா?" என்று கேட்டுவிடுங்கள். எதற்காவது முகம் மாறினால் காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள். என்ன சொல்லப்போகிறோம் என்பதை மட்டும் சொல்ல வேண்டாம், ஆச்சரியம் அதில் மிஞ்சும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. கடைசியில் ஏற்புரைக்கு வரும்போது அவரும் பதிலுக்கு இரண்டு எடுத்து வைத்துக்கொண்டு வருவார்.

வீட்டிலும் ஒரு வார்த்தை பேசுங்கள். அலுவலகத்துக் குணத்துக்கு வீட்டில் ஒரு ஜோடிக் கதை இருக்கும். போர்மேன் மனைவியிடம் நான் கேட்டது, "அக்கா, இவர் வீட்டிலயும் இப்படித்தானா?" என்ற ஒரே கேள்வி. உரையில் நன்றாகச் சிரித்த இடம் அந்தப் பதிலில் இருந்துதான் வந்தது. மேடையில் அதை அவர் பெயரில் சொல்லலாமா என்று அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

5. ஒவ்வொரு பெயரையும் ஒரே அச்சில் எழுதுங்கள்

முதலில் பெயர். அடுத்து அது பிறந்த இடம், வெளியாளுக்குப் புரியும்படி. அதன் பிறகு சிரிப்பு. கடைசியில் அந்தப் பழக்கத்துக்கு அவர் வைத்திருந்த காரணம், கூடுமானால் அவர் வாயாலேயே.

கடைசிப் பகுதியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். "சும்மா தமாஷுக்குச் சொன்னேன், அண்ணன் தங்கமான மனுஷன்" என்று ஒட்டுப்போட்டு முடிப்பார்கள். சிரித்துக்கொண்டிருந்த சபைக்கு அது மன்னிப்புக் கேட்பதுபோல் கேட்கும். அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று ஒரு வாக்கியம் சொல்லிவிட்டால் தங்கமா தகரமா என்று சபையே முடிவு செய்துகொள்ளும்.

ஜோக்கில் அடிபடுவது யார் என்றும் பாருங்கள். அவர் செய்ததைப் பார்த்து நாம் முழித்ததாகவோ, நாம் மாட்டிக்கொண்டதாகவோ எழுதினால் கேலி நம் பக்கம் திரும்பிவிடும். அப்போது எவ்வளவு சிரித்தாலும் அவருக்கு வலிக்காது.

துறைச் சொல் வந்தால் அரை வாக்கியத்தில் விளக்குங்கள். எல்.சி. என்றால் எங்களுக்குத் தெரியும், அவருடைய பேத்திக்குத் தெரியாது.

6. லேசானது முதலில், கனமானது கடைசியில்

எல்லோரும் பங்கெடுத்துச் சிரிக்கக்கூடிய பெயரை முதலில் வையுங்கள். அடுத்து ஒரு ஊர், ஒரு நிகழ்ச்சி உள்ள கதை. அவருடைய வேலையை அப்படியே காட்டும் பெயர் கடைசியில் வரட்டும். தலைகீழாக வைத்தால் கண் கலங்கிய சபையை மறுபடி சிரிக்க வைக்க வேண்டியிருக்கும். அது அனுபவசாலிகளுக்கே கஷ்டம்.

7. எழுதிய உரை

மேற்சொன்னபடி எழுதியது இது. பேச்சுக்காக எழுதியதால் வாக்கியங்கள் குட்டையாக இருக்கும்.

> மேடையில் இருக்கும் அலுவலர்களுக்கும், அண்ணன் குடும்பத்தாருக்கும், நம் பிரிவு நண்பர்களுக்கும் வணக்கம்.
>
> வீட்டில் இவரை என்ன சொல்லிக் கூப்பிடுவீர்களோ தெரியாது. ஆபீசில் இவருக்கு மூன்று பெயர். மூன்றும் நாங்கள் வைத்தது. ஒன்றைக்கூட கெசட்டில் போட்டு மாற்றவில்லை.
>
> முதல் பெயர், அஞ்சு நிமிஷம். ராத்திரி கரண்ட் போகும். போன் வரும். "எப்ப சார் வரும்?" அண்ணன் என்ன சொல்வார்? நீங்களே சொல்லுங்கள். ஆமாம், அதேதான். அதனால் எங்கள் ஆபீசில் இரண்டு அஞ்சு நிமிஷம் உண்டு. கடிகார அஞ்சு நிமிஷம், போர்மேன் அஞ்சு நிமிஷம். டீ வாங்கப் போகிறவனிடம்கூட எது என்று கேட்டுத்தான் அனுப்புவோம். ஒருநாள் அவரிடமே கேட்டேன். "ஏண்ணே, மரம் விழுந்து கிடக்கு, ரெண்டு மணி நேரம் ஆகும்னு தெரியுது, அப்புறம் ஏன் அப்படிச் சொல்றீங்க?" அண்ணன் சொன்னார்: "ரெண்டு மணி நேரம்னு சொன்னா அந்தப் பொண்ணு பிள்ளையத் தூக்கிட்டு வாசல்ல வந்து உக்காந்துரும்ப்பா. அஞ்சு நிமிஷம்னா விசிறிக்கிட்டே தூங்க வச்சிரும்." அதைச் சொல்லும்போது அவர் மழையில் கம்பத்தடியில் நின்றுகொண்டிருந்தார்.
>
> இரண்டாவது பெயர், வாத்தியார். 2018 நவம்பரில் கஜா புயல். கம்பம் நட நம் ஆட்கள் பட்டுக்கோட்டைப் பக்கம் போனோம். பள்ளிக்கூடத்தில் தங்கல். ராத்திரி இலை போட்டதும் அண்ணன் பேர் வாசிப்பார். "உள்ளேன் ஐயா" என்று சொன்னால்தான் சோறு. மீசை வைத்த ஆட்கள் எல்லாம் பெஞ்சில் உட்கார்ந்து உள்ளேன் ஐயா சொன்னோம். நாலாவது நாள் எண்ணினால் மூன்று பேர் அதிகம். பக்கத்து டிவிஷன் ஆட்களும் வந்து உள்ளேன் ஐயா சொல்கிறார்கள். எங்கள் சாம்பார் நன்றாக இருந்ததாம். அண்ணன் அவர்கள் பேரையும் நோட்டில் எழுதிக்கொண்டார். மறுநாளிலிருந்து அவர்கள் வரும்வரையும் எங்களுக்குச் சோறு கிடையாது.
>
> மூன்றாவது பெயர், எல்.சி. இது துறைக்காரர்களுக்குத் தெரியும். கம்பத்தில் ஏறும் முன் துணை மின் நிலையத்தில் லைனை நிறுத்திவிட்டு, "நிறுத்தியாச்சு, ஏறலாம்" என்று கொடுக்கும் அனுமதி, லைன் கிளியர். எல்லோரும் ஒரு தடவை கேட்பார்கள். அண்ணன் மூன்று தடவை கேட்பார். நம்பரைத் திருப்பிச் சொல்லச் சொல்வார். லைனில் தப்பித்தவறி வரும் கரண்டை மண்ணுக்கு இறக்கிவிடும் எர்த் ராடு மாட்டாமல் ஏணியைத் தொட விடமாட்டார். ஒரு தடவை ஆபரேட்டர் கடுப்பாகி, "யோவ், குடுத்துட்டேன்யா, எழுதி பிரேம் போட்டுத் தரவா?" என்றார். அண்ணன் நிதானமாக, "குடு, ஆபீஸ்ல மாட்டி வைக்கிறேன்" என்றார். வீட்டிலும் இப்படித்தானா என்று அக்காவிடம் கேட்டேன். ஃபேன் துடைக்க ஸ்டூலில் ஏறினால், மெயினை ஆஃப் பண்ணியாச்சா என்று மூன்று தடவை கேட்பாராம். ஆஃப் பண்ணியதே அவர்தானாம்.
>
> நாங்கள் எவ்வளவோ சலித்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் இவர் போர்மேனாக இருந்த வருஷங்களில் எங்கள் பிரிவில் கம்பத்தில் ஏறிய ஒவ்வொரு ஆளும் தானாக இறங்கி வந்திருக்கிறான். சாயங்காலம் வீட்டுக்குப் போயிருக்கிறான்.
>
> அண்ணே, எல்லா ஆளும் இறங்கியாச்சு. எர்த் எடுத்தாச்சு. எல்.சி. ரிட்டர்ன் பண்ணியாச்சு. நீங்க கிளம்பலாம்.

கடைசிப் பத்திக்கு முந்தைய வரியை எழுதும் முன் அது உண்மையா என்று பழைய ஆட்களிடம் சரிபார்த்தேன். ஒரே ஒரு விபத்து நடந்திருந்தாலும் அந்த வரி சபையில் யாரையாவது குத்தும். சபையில் அந்தக் குடும்பமேகூட உட்கார்ந்திருக்கலாம். உங்கள் உரையில் "ஒருபோதும்", "ஒவ்வொருவரும்", "எப்போதும்" என்று எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் நிறுத்திச் சரிபாருங்கள்.

முடிவு வரியில் அவருடைய வேலையின் சொற்களையே வைத்திருப்பதையும் கவனியுங்கள். வேலை முடிந்தால் ஆளை இறக்கி, எர்த்தை எடுத்து, அனுமதியைத் திருப்பிக் கொடுப்பதுதான் எங்கள் முறை. அந்த வரிசையை மாற்றிச் சொல்லியிருந்தால் உருக்கத்தை விட்டுவிட்டு லைன்மேன்கள் தப்பைத்தான் பிடித்திருப்பார்கள். உங்களுடையது வங்கியாக இருந்தால் கல்லாவை ஒப்படைப்பது, பேருந்துப் பணிமனையாக இருந்தால் டிரிப் ஷீட்டை முடிப்பது. கடைசி வரியை அங்கே தேடுங்கள். "நோய்நொடியின்றி நூறாண்டு வாழ்க" என்பதை உங்களுக்கு முன்னால் பேசியவர் கட்டாயம் சொல்லியிருப்பார்.

8. சத்தமாக வாசித்து, சிரிப்புக்கு இடம் விடுங்கள்

மனதுக்குள் வாசித்துப் பார்ப்பது கணக்கில் சேராது. அலுவலகத்துக்கு வெளியே உள்ள ஒருவருக்கு, வீட்டில் யாராவது இருந்தால் அவர்களுக்கு, சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் "அப்படின்னா?" என்று கேட்கும் இடமெல்லாம் விளக்கம் தேவைப்படும் இடம்.

கடிகாரம் பார்க்கும்போது சிரிப்பு நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஐந்து நிமிடம் வருவது மேடையில் ஏழாகும். பேப்பரில் சிரிப்பு வரும் இடத்தில் ஒரு கோடு போட்டு வையுங்கள். அங்கே நிறுத்தி மூச்சு விட வேண்டும். பதற்றத்தில் சிரிப்பின் மேலேயே அடுத்த வரியைப் பேசிவிடுவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. சபை சிரிக்கவில்லை என்றாலும் விளக்கம் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போய்விடுங்கள்.

அவரை மட்டும் பார்த்துக்கொண்டே பேசாதீர்கள். கதை சொல்லும்போது சபையைப் பாருங்கள், அவர் சொன்ன வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் பக்கம் திரும்புங்கள். கடைசி வரிகள் மட்டும் முழுக்க அவருக்கு.

9. விழா நாளில்

ஸ்வீட், மிக்சர் தட்டை எப்போது நீட்டுவார்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள். வாழ்த்துரை நடுவில் தட்டு வந்தால் நல்ல ஜோக்கும் மிக்சர் சத்தத்தில் காணாமல் போகும். கொடுப்பவர்களிடம் சொல்லி உங்கள் உரைக்கு முன்போ பின்போ வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பொன்னாடை போர்த்துவது, மாலை போடுவது எல்லாம் பேசி முடித்த பிறகு. முதலில் போர்த்தினால் புகைப்படக்காரர் "இங்க பாருங்க சார்" என்று ஆரம்பித்துவிடுவார். அதன் பிறகு சபை உங்களிடம் திரும்பி வர நேரமாகும்.

முன்னால் பேசியவர் உங்கள் கதை ஒன்றைச் சொல்லிவிட்டாரா? அந்தப் பெயரைத் தாண்டிப் போங்கள். இரண்டாவது முறை சொல்லிப் பார்க்காதீர்கள்.

அடுத்த விழாவுக்குக் கிளம்ப வேண்டும் என்று அதிகாரி மணி பார்ப்பார், "சுருக்கமா முடிங்க" என்று துண்டுச்சீட்டு வரும். அப்போது வேகமாக வாசிக்க வேண்டாம். நடுவில் இருக்கும் பெயரை அப்படியே எடுத்துவிட்டு, "ஆபீசில் இவருக்கு இரண்டு பெயர்" என்று மாற்றிக்கொள்ளுங்கள். போர்மேன் உரையில் வாத்தியார் பத்தி தனியாக நிற்பதற்குக் காரணம் இதுதான். எடுத்தாலும் முன்னும் பின்னும் இடிக்காது. பேச்சின் பாதியில் சீட்டு வந்தால் சொல்லிக்கொண்டிருக்கும் கதையை முடித்துவிட்டு நேராகக் கடைசிப் பெயருக்குப் போங்கள். முதலில் சொன்ன எண்ணிக்கை தப்பாகிவிட்டதே என்று கவலை வேண்டாம். "இன்னொரு பெயரை அண்ணனே ஏற்புரையில் சொல்வார்" என்று அவர் தலையில் கட்டிவிடலாம்.